1983 கூட்டக் குறிப்பின் நகல்: கறுப்புப் பட்டை, சாய்வு, எங்கும் துகள். எது புள்ளி, எது தூசு?

தேக்கா_செல்வி · செவ்வாய், இரவு 9.20

வணக்கம். எங்கள் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளைப் பார்த்து, யூனிகோடில் அப்படியே தட்டச்சு செய்து கொடுக்கும் வேலையை ஏற்றிருக்கிறேன். இப்போது கையில் இருப்பது 1983 ஆண்டுக் கூட்டத்தின் 11 பக்கங்கள். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் அடித்தவை. மூலத்தாள்கள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியவில்லை. மிஞ்சியிருப்பது போட்டோகாப்பி, அதுவும் நகலை நகலெடுத்தது.

தாளின் இடப்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கறுப்புப் பட்டை, மேலேயும் ஒன்று. வரிகள் வலப்பக்கம் இறங்கிச் சாய்ந்திருக்கின்றன. எழுத்தின் கோடுகள் முடி மாதிரி மெலிந்துவிட்டன, அவற்றின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோலத் துகள்கள்.

முதலில் `unpaper` நிரல் வழியாகச் சுத்தம் செய்தேன். தாள் பளிச்சென்று வந்தது. மகிழ்ச்சியோடு படிக்க உட்கார்ந்தால் "கூட்டத்தில்" என்ற சொல் "கூடடததில" என்று இருக்கிறது. தூசோடு மெய்யெழுத்துகளின் புள்ளியும் போய்விட்டது! சுத்தம் செய்யாமல் படித்தால் இதற்கு நேர்மாறு. புள்ளியே இருக்கக்கூடாத எழுத்துகளின் தலையிலும் பொட்டு நிற்கிறது.

பெரும்பாலான சொற்களைப் பழக்கத்தில் ஊகித்துவிடலாம். 7ஆம் பக்கத்தில் ஓர் இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். "பலகலை நிகழ்ச்சி" என்று இருக்கிறது, ல-வின் மேல் ஒரு பொட்டு. அது புள்ளி என்றால் "பல்கலை நிகழ்ச்சி". தூசு என்றால் "பலகலை நிகழ்ச்சி". இரண்டுக்கும் பொருள் உண்டு. எப்படி முடிவு செய்வது?

---

பூன்லே_பாலா · செவ்வாய், இரவு 10.05

அக்கா, நான் அலுவலகத்தில் தினமும் விலைப்பட்டியல்களை ஸ்கேன் செய்பவன். விளிம்பைத் தானாக வெட்டச் சொல்லுங்கள், துகள் நீக்கத்தை உச்சத்தில் வையுங்கள், 600 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். எங்களுக்கு வரும் மோசமான நகல்கள்கூட இப்படிச் செய்தால் தெளிவாகிவிடும். புள்ளி போனது நீங்கள் குறைந்த டிபிஐயில் எடுத்ததால்தான் என்று நினைக்கிறேன்.

---

தேக்கா_செல்வி · செவ்வாய், இரவு 10.31

தம்பி, 200 டிபிஐயில் கறுப்பு வெள்ளையாகத்தான் எடுத்திருந்தேன், அது உண்மை. இப்போது 600இல் ஒரு பக்கம் எடுத்து, உச்ச அளவில் துகள் நீக்கிப் பார்த்தேன். புள்ளிகளில் பாதி பிழைத்தன, பாதி போயின. "இஃது" என்ற சொல்லில் ஆய்த எழுத்து முழுவதுமாகக் காணோம். "இ", பிறகு ஒரு வெற்றிடம், பிறகு "து".

---

தாள்வாசி · புதன், காலை 7.12

செல்வி, ஆவணங்களை மின்னாக்கம் செய்யும் வேலையில் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். உங்கள் சிக்கல் தமிழுக்கே உரியது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாலா சொன்னதில் ஸ்கேன் அளவு பற்றிய பகுதி சரி. துகள் நீக்கத்தைக் கூட்டச் சொன்னதுதான் இங்கே பொருந்தாது. ஆங்கில விலைப்பட்டியலில் i, j தலையில் இருக்கும் பொட்டு போனாலும் சொல் கெடாது. தமிழில் சில வரிகளை எடுத்து எண்ணிப் பாருங்கள், எத்தனை எழுத்துகள் புள்ளியை நம்பி நிற்கின்றன என்று தெரியும். துகள் நீக்கும் நிரல் பரப்பளவை மட்டுமே பார்க்கிறது. ஒன்றோடும் ஒட்டாமல் தனியே நிற்கிற சின்னப் பொட்டு எதுவானாலும் அதற்குக் குப்பைதான். மெய்யெழுத்தின் புள்ளி அந்த வரையறைக்குள் அச்சாகப் பொருந்துகிறது, ஆய்தமும்தான்.

சாதாரணத் தட்டச்சு அளவில் புள்ளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். 200 டிபிஐயில் அது நான்கு பிக்சல் அகலம். துகள் இரண்டு மூன்று பிக்சல். இவ்வளவு நெருக்கமாக இருக்கும்போது எந்த எல்லைக்கோடும் இரண்டையும் பிரிக்காது. 400 டிபிஐயில் சாம்பல் நிறமாக எடுங்கள். புள்ளி எட்டுப் பிக்சல் ஆகும். அதைவிட முக்கியமாக, ஒவ்வொரு பொட்டும் எவ்வளவு கறுப்பு என்பது தெரியும். மை சிதறி விழுந்த துகள் பெரும்பாலும் வெளிறி, ஓரம் பிசிறாக இருக்கும். தட்டச்சில் விழுந்த புள்ளி நடுவில் அடர்ந்திருக்கும். கறுப்பு வெள்ளையாக எடுத்தால் இந்த வேறுபாட்டை ஸ்கேனரே அழித்துவிடுகிறது.

`unpaper` வேண்டுமானால் அதன் துகள், மங்கல், சாம்பல் வடிகட்டிகளை நிறுத்திவிட்டுப் பயன்படுத்துங்கள்:

```
unpaper --no-noisefilter --no-blurfilter --no-grayfilter p07.pgm p07b.pgm
```

இனி சாய்வு. 2 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். 16 சென்டிமீட்டர் நீள வரியில் அது ஐந்தரை மில்லிமீட்டருக்கு மேல் இறக்கம், கிட்டத்தட்ட ஒரு வரி இடைவெளி. வரியின் முடிவில் ஓர் எழுத்தின் தலையில் நிற்கும் பொட்டு அதன் புள்ளியா, மேல் வரி எழுத்தின் அடியில் உடைந்த துண்டா என்று கண்ணே குழம்பும். அதனால் நேராக்கத்தான் வேண்டும். ஆனால் பட்டை இருக்கும்போது நேராக்காதீர்கள். உங்கள் தாள் நகலின் நகல் என்பதால் முதல் நகலின் பட்டை ஒரு கோணத்தில் இருக்கும், இரண்டாவதன் பட்டை வேறு கோணத்தில் இருக்கும். நிரல் அந்தத் தடித்த ஓரத்தைத்தான் வரி என்று எடுத்துக்கொள்ளும், முடி போன்ற எழுத்துகளை மதிக்காது. பட்டையை நீக்கி, இருமடங்கு பெரிதாக்கி, பிறகு திருப்புங்கள். பெரிதாக்காமல் திருப்பினால் ஒரு பிக்சல் கோடுகள் படிக்கட்டாக உடையும். ImageMagick நிரலில் இப்படி:

```
magick p07.png -colorspace Gray -bordercolor black -border 1 -fuzz 40% -fill white -draw "color 0,0 floodfill" -shave 1x1 p07a.png
magick p07a.png -resize 200% -background white -deskew 40% p07b.png
```

முதல் கட்டளையில் ஓர் ஆபத்து உண்டு. பட்டையைத் தொட்டுக்கொண்டு ஓர் எழுத்து இருந்தால் வெள்ளை அதற்குள்ளும் பரவி அதை விழுங்கிவிடும். இடப்பக்கம் வரிகள் எப்படித் தொடங்குகின்றன என்று முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்து தொட்டிருந்தால் அந்த இடத்தில் கையால் வெட்டுவது நல்லது.

அப்புறம் ஒன்று, மூல ஸ்கேனைப் பட்டையோடு அப்படியே வைத்திருங்கள். உங்கள் 7ஆம் பக்கப் பொட்டுக்கு அது தேவைப்படலாம். ஏன் என்று மாலையில் எழுதுகிறேன்.

---

ஈசூன்_மீனாட்சி · புதன், காலை 9.40

இதே கஷ்டம் எனக்கும். 1996இல் ஊரிலிருந்து சித்தப்பா அனுப்பிய ஃபேக்ஸ், நிலம் தொடர்பானது. பளபளப்பான உருளைத் தாளில் வந்தது, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தால் பாதி எழுத்து மறைந்து போயிருக்கிறது. மிச்சம் இருக்கிற எழுத்தும் யாரோ மேலிருந்து அழுத்தியதுபோல் சப்பையாகத் தெரிகிறது. இதைத் திரும்ப வரவைக்க வழி இருக்கிறதா?

---

தாள்வாசி · புதன், மதியம் 1.15

மீனாட்சி அம்மா, உங்களுடையது வேறு வகை. அது வெப்பத்தால் கறுக்கும் தாள். மை எதுவும் கிடையாது, தாளின் பூச்சே நிறம் மாறியிருக்கிறது. பிளாஸ்டிக் உறையிலிருந்து கசியும் பொருள் அந்த நிறத்தை மங்க வைக்கும், வெளிச்சமும் சூடும் அதையே செய்யும். உடனே உறையிலிருந்து எடுத்துச் சாதாரணக் காகித உறையில் வையுங்கள். லாமினேட் மட்டும் செய்யக் கொடுத்துவிடாதீர்கள், சூட்டில் தாள் முழுவதும் கறுத்துவிடும். இன்றைக்கே சாம்பல் நிறமாகவோ வண்ணமாகவோ ஒரு படி எடுத்து வையுங்கள்.

எழுத்து சப்பையாகத் தெரிவதற்கு அந்தக் காலச் சாதாரண ஃபேக்ஸ் முறை காரணமாக இருக்கலாம். குறுக்கே அங்குலத்துக்கு 204 பிக்சல், நெடுக்கே 98 மட்டும். அப்படி வந்ததை நெடுக்கே இரண்டு மடங்கு இழுக்காமல் அச்சிட்டிருந்தால் சப்பையாகத் தெரியும். அப்படியானால் நீங்களே ஸ்கேனை உயரவாக்கில் இழுத்துப் பார்க்கலாம். ஆனால் அனுப்பும்போதே விட்டுப்போனது இழுத்தால் வராது. 98 என்ற அளவில் ஒரு புள்ளிக்குக் கிடைப்பது இரண்டு வரிதான். கொடியா கோடியா, எதுவா ஏதுவா என்று காட்டும் சின்னச் சுழிப்பும் காலும் அதிலேயே அடைந்து போகும். நிலப் பத்திரம் என்றால் அதன் சான்று நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்குவதுதான் நம்பிக்கையான வழி.

---

மாலை_வகுப்பு · புதன், மாலை 5.50

நான் தமிழாசிரியர். ஸ்கேன் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எந்தப் பொட்டு புள்ளியாக இருக்க முடியாது என்பதை இலக்கணமே நிறைய இடங்களில் சொல்லிவிடும்.

மெய்யெழுத்து சொல்லின் முதலில் வராது. ஆகவே சொல்லின் முதல் எழுத்தின் தலையில் பொட்டு இருந்தால் அது தூசு. க், ச், த், ப் நான்கும் தம்மோடு மட்டுமே சேரும். க-வின் மேல் பொட்டு இருந்து அடுத்த எழுத்து க வரிசையில் இல்லை என்றால் அந்தப் பொட்டை நம்ப வேண்டாம். ர், ழ் இரண்டும் தம்மோடு தாம் சேரா. சொல்லின் இறுதியில் க், ச், த், ப் நின்றால் அடுத்த சொல் அதே எழுத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள், "தலைவரைக் கேட்டு" என்பதுபோல. வகுப்பில் மெய்ம்மயக்கத்தை மனப்பாடம் செய்யும் மாணவர்கள் இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். அவர்களுக்கு இந்தத் தாளைக் காட்டலாம் போலிருக்கிறது.

---

பூன்லே_பாலா · புதன், மாலை 6.22

ஐயா, "அக்டோபர்" என்ற சொல்லில் க்-க்குப் பின் ட வருகிறதே? "டாக்டர்", "சக்தி", "பக்தர்" எல்லாம் அப்படித்தான். 1983 சிங்கப்பூர்ச் சங்கக் குறிப்பில் இவை பக்கத்துக்குப் பக்கம் இருக்கும்.

---

மாலை_வகுப்பு · புதன், மாலை 6.40

உண்மைதான் தம்பி. விதி தமிழ்ச் சொல்லுக்கு மட்டும். பிறமொழிச் சொல், ஆள்பெயர், கடைப்பெயர், தெருப்பெயர் வந்தால் அதை ஒதுக்கி வைக்க வேண்டும். செல்வியின் "பலகலை"க்கும் அது உதவவில்லை, ல்-க்குப் பின் க தாராளமாக வரும். ஆனால் என் கருத்து, அது "பல்கலை நிகழ்ச்சி"தான். அப்படித்தான் எழுதுவோம்.

---

தாள்வாசி · புதன், இரவு 9.03

ஆசிரியர் சொன்ன சல்லடை மிக நல்லது. சந்தேகப் பொட்டுகளில் பெரும்பகுதி அதிலேயே விழுந்துவிடும். மீதிக்குத்தான் அந்தக் கறுப்புப் பட்டை.

பட்டை எப்படி வந்தது என்று யோசியுங்கள். நகல் பொறியின் மூடியைத் திறந்து வைத்தபடி, கண்ணாடியைவிடச் சின்னத் தாளை வைத்திருக்கிறார்கள். தாள் மறைக்காத இடத்திலிருந்து வெளிச்சம் திரும்பி வராததால் அது கறுப்பாக விழுந்தது. அப்படியானால் இந்தப் பக்கங்கள் தானியங்கிச் செலுத்தியில் போகவில்லை, ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் வைத்தவை. செலுத்தியில் போயிருந்தால் கண்ணாடித் தூசு நீளக் கோடாக இழுபட்டிருக்கும். கண்ணாடியில் வைத்ததால் பொட்டாக விழுந்திருக்கிறது.

கண்ணாடியில் ஒட்டிய தூசு இடம் மாறாது. மூலத்தாளைச் சாய்வாக வைத்தாலும் நேராக வைத்தாலும் நகல் தாளின் மூலையிலிருந்து அதே தூரத்தில் எல்லாப் பக்கங்களிலும் அது விழும். தட்டச்சின் புள்ளி அப்படிப் பதினொரு பக்கத்திலும் ஒரே இடத்தில் விழ வாய்ப்பே இல்லை. ஆகவே சந்தேகப் பொட்டு நகல் தாளின் மூலையிலிருந்து எங்கே இருக்கிறது என்று அளந்து, மற்றப் பக்கங்களில் அதே இடத்தைப் பாருங்கள். இதனால்தான் பட்டையை வெட்டி, சாய்வைத் திருத்திய கோப்பில் இதைச் செய்ய முடியாது. திருத்தியதும் ஒவ்வொரு பக்கமும் தன் கோணத்துக்குத் திரும்பிவிடும், மூலையும் போய்விடும்.

எல்லாவற்றையும் ஒரே படமாகப் பார்க்க, மூல ஸ்கேன்களை ஒரே அளவில், அதே மூலை பொருந்த வைத்து, இந்தக் கட்டளையைக் கொடுங்கள். எல்லாப் பக்கத்திலும் கறுப்பாக இருப்பது மட்டும் கறுப்பாக நிற்கும், எழுத்துகள் மறைந்துவிடும்:

```
magick p05.png p06.png p07.png p08.png p09.png -evaluate-sequence max glass.png
```

தாள்கள் ஒன்றிரண்டு பிக்சல் விலகியிருந்தால் சின்னத் துகள்கள் இதில் தப்பிவிடும். அப்போது கண்ணால் பார்ப்பதுதான் வழி. நகல் பொறியின் உருளையில் கீறல் இருந்தால் வேறு மாதிரி. 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை ஒரு சுற்றுக்கு 94 மில்லிமீட்டர் போகும். அதே பக்கத்தில் மேலிருந்து கீழாக அந்த இடைவெளியில் ஒரே பொட்டு மூன்று முறை வரும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது கடைசி முறை எடுத்த நகலின் தூசைத்தான் காட்டும். முந்தைய நகலின் தூசு அந்தத் தாளோடு சேர்ந்து சாய்ந்து வந்திருக்கும். அதற்கு முதல் நகலின் ஓரம் எங்காவது தெரிந்தால் அதிலிருந்து அளக்க வேண்டும். காற்றில் பறந்து விழுந்த மைத்துகளை இந்த வழியில் பிடிக்கவே முடியாது.

---

தேக்கா_செல்வி · வெள்ளி, இரவு 11.10

இரண்டு இரவு உட்கார்ந்து செய்தேன். நடந்ததைச் சொல்கிறேன்.

400 டிபிஐ, சாம்பல் நிறம். கட்டளையில் வந்த படம் முதலில் முழு வெள்ளையாக இருந்தது, பட்டை மட்டும்தான் மிஞ்சியது. தாள்வாசி ஐயா சொன்னதுபோல் தாள்கள் கொஞ்சம் விலகியிருந்தன. பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திரையில் வைத்து அளவுகோலால் அளந்தேன். 7ஆம் பக்கத்தில் ல-வின் மேலிருக்கும் பொட்டு தாளின் இட ஓரத்திலிருந்து 62 மில்லிமீட்டர், மேல் ஓரத்திலிருந்து 118. ஆறாம் பக்கத்தில் அதே இடத்தில் இரண்டு வரிகளுக்கு நடுவே, வெற்றிடத்தில், பொட்டு. எட்டாம் பக்கத்தில் "ழ" எழுத்தின் காலை ஒட்டி அதே பொட்டு. பத்தாம் பக்கத்தில் வெறும் தாளில். பெரிதாக்கிப் பார்த்தால் நான்கும் ஒரே வடிவம், வலப்பக்கம் சின்ன வால் நீட்டிய உருண்டை. அந்த வாலைப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆகவே அது கண்ணாடித் தூசு. "பலகலை நிகழ்ச்சி" என்றே அடித்துவிட்டேன்.

அப்புறம், வரவு செலவுப் பக்கத்தில் வேறு ஒரு சிக்கல். சந்தா 640.00 வெள்ளி, வட்டி 18.25 வெள்ளி தெளிவாக இருக்கின்றன. நன்கொடை 431.50 வெள்ளியா 481.50 வெள்ளியா என்று தெரியவில்லை. நடு எண்ணின் இடப்பக்கத்தைத் துகள்கள் அடைத்துக்கொண்டிருக்கின்றன. கூட்டுத்தொகை 1,089.75 என்று இருக்கிறது. கழித்துப் பார்த்தேன், 431.50 வருகிறது. அதை 3 என்று போட்டேன்.

---

மாலை_வகுப்பு · சனி, காலை 8.15

அருமை. ஆனால் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. அந்த இடத்தில் தூசு இருக்கிறது என்று நிரூபித்துவிட்டீர்கள். தூசுக்கு அடியிலேயே உண்மையான புள்ளியும் இருந்தால்? புள்ளியும் தூசும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் ஒரே பொட்டாகத்தானே தெரியும்?

---

தாள்வாசி · சனி, காலை 10.02

நியாயமான கேள்வி. செல்வி, அந்த வரியில் சந்தேகமில்லாத புள்ளிகள் நாலைந்தை எடுத்து, எழுத்தின் தலையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று அளந்து பாருங்கள். தட்டச்சில் புள்ளி ஒரே உயரத்தில் விழும். உங்கள் பொட்டு அந்த உயரத்தில் இல்லை என்றால், புள்ளி தனியாக வேறு இடத்தில் தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை, எனவே இல்லை. அதே உயரத்தில் இருந்தால் ஆசிரியரின் ஐயம் நிற்கிறது.

எண்ணைப் பொறுத்தவரை முறை சரி. ஆனால் அன்றைக்குத் தட்டச்சு செய்தவரே கூட்டலில் தவறியிருக்கலாம். 431.50 என்று அடித்து, கூட்டுத்தொகையை வைத்து முடிவு செய்ததாகக் கீழே ஒரு வரி எழுதி வையுங்கள். இன்னொரு கூட்டல் பொருந்தாவிட்டால் தாளில் இருப்பதை அப்படியே அடியுங்கள், திருத்தாதீர்கள்.

---

தேக்கா_செல்வி · சனி, மதியம் 2.47

அளந்தேன். மற்றப் புள்ளிகள் எழுத்துக்கு மேல் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டரில் நிற்கின்றன. என் பொட்டு நிற்கும் உயரம் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வரி மெலிந்து அலைவதால் இந்த வித்தியாசத்தை வைத்து உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. "பல[ல்?]கலை நிகழ்ச்சி" என்று போட்டால் படிப்பவர்களுக்குப் புரியுமா?

---

பூன்லே_பாலா · சனி, மதியம் 3.20

அக்கா, அப்படிப் போட்டால் இரண்டு ல இருக்கிறது என்று படிப்பார்கள். "ப[ல/ல்]கலை" என்று போடுங்கள். இன்னொன்று, நான் 7ஆம் பக்கத்தைத் தனியாக அடித்துத் தருகிறேன், உங்கள் படியைப் பார்க்காமல். இரண்டையும் ஒப்பிட்டு, எங்கே வேறுபடுகிறதோ அங்கே மட்டும் தாளைத் திரும்பப் பார்க்கலாம். நான் சுத்தம் செய்யாத மூல ஸ்கேனிலிருந்தே அடிக்கிறேன், அனுப்புங்கள்.

---

மாலை_வகுப்பு · சனி, மாலை 4.05

பாலா, உன்னிடம் ஒரு வேண்டுகோள். நம் கண் சொல்லைப் பார்த்ததும் புள்ளியைத் தானே போட்டுக்கொள்ளும். இரண்டு பேரும் ஒரே மாதிரித் திருத்திப் படித்தால் ஒப்பிட்டாலும் பிழை தெரியாது. பெயர்ப்பட்டியல் பக்கத்தையும் எடுத்துக்கொள், ஆனால் அதை மட்டும் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்குப் பின்னோக்கிப் படித்து அடி. அந்தப் பக்கத்தில் 40 உறுப்பினர் பெயர்கள் இருப்பதாகச் செல்வி தனிமடலில் சொன்னார், அங்கேதான் எனக்குப் பயம்.

---

தேக்கா_செல்வி · சனி, மாலை 4.30

அனுப்பிவிட்டேன் தம்பி, பட்டையோடு முழுத்தாளாக. பெயர்ப்பட்டியல் 9ஆம் பக்கம். அதில் வலது ஓரத்தில் மூன்று பெயர்களின் கடைசி எழுத்து மடிப்பில் போய்விட்டது, அவற்றை நான் [...] என்று விட்டிருக்கிறேன். உனக்கு ஏதாவது தெரிகிறதா என்று பார்.